முதல் நாள் வராத வாந்தி மூன்றாம் நாள் ஏன் வருகிறது? கீமோ வாந்தியும் மருந்துக் கூட்டின் கணக்கும்

கீமோ ஏற்றிய அன்று ஒன்றுமே தெரியவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், மறுநாள் வீட்டுக்கும் வந்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் தொடங்கிய வாந்தி ராத்திரி வரை நிற்கவில்லை, வாந்தி மாத்திரை போட்டும் கேட்கவில்லை. புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டவர்களின் வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். கூடவே இன்னொரு குழப்பமும் வரும். வாந்திக்கு என்று கொடுத்த சீட்டில் நான்கு விதமான மருந்து இருக்கிறது, அதில் ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்றை இணையத்தில் தேடினால் மனநோய்க்கான மாத்திரை என்று வருகிறது. எதற்கு இத்தனை, ஒன்று போதாதா என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்டு, அவற்றில் இரண்டை நிறுத்தியும் விடுகிறார்கள்.

இந்த இரண்டு குழப்பத்துக்கும் விடை ஒன்றுதான். கீமோ வாந்தி ஒரே வாந்தி அல்ல, இரண்டு அலைகளாக வருவது. இரண்டையும் கிளப்புகிற வேதிப்பொருள்கள் வேறு வேறு, அதனால் மருந்துகளும் வேறு வேறு. இதை விளக்க சிஸ்பிளாட்டினையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டு அலையும் இதைப்போல் தெளிவாகப் பிரிந்து தெரிகிற மருந்து வேறில்லை.

## வாந்தியை உண்டாக்குவது வயிறு அல்ல

வாந்தி என்றதும் வயிற்றில் கோளாறு என்றுதான் நினைப்போம். ஆனால் வாந்தி எடுக்கச் சொல்லி ஆணை போவது மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளத்திலிருந்து. அங்கே இருக்கிற நரம்பணுக் கூட்டம் பல பக்கத்திலிருந்தும் வரும் செய்திகளைச் சேர்த்து, 'உள்ளே நஞ்சு வந்திருக்கிறது, வெளியே தள்ளு' என்று முடிவெடுக்கும். கீமோ விஷயத்தில் அந்தச் செய்திகளில் முக்கியமானவை இரண்டு.

1. குடலிலிருந்து வருவது. சிறுகுடலின் உட்சுவரில் குரோமாஃபின் வகைச் செல்கள் என்று சில உண்டு. நரம்புகளுக்குச் செய்தி கொடுக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் உடம்பில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இவற்றில்தான் இருக்கிறது. கீமோ மருந்து இவற்றைத் தாக்கியதும் செரட்டோனின் கொட்டுகிறது. பக்கத்திலேயே வேகஸ் நரம்பின் நுனிகள் இருக்கின்றன, அவற்றில் செரட்டோனினைப் பிடித்துக்கொள்ளும் மூன்றாம் வகை ஏற்பிகள் இருக்கின்றன. செரட்டோனின் அங்கே ஒட்டியதும் செய்தி நேராக முகுளத்துக்கு ஓடுகிறது.

2. மூளைக்குள்ளேயே நடப்பது. முகுளத்தில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள சப்ஸ்டன்ஸ் பி என்ற சிறு புரதத்தைப் பயன்படுத்துகின்றன. அது போய் ஒட்டும் இடத்துக்கு நியூரோகைனின்-1 ஏற்பி, சுருக்கமாக என்கே1 ஏற்பி என்று பெயர். செய்தி குடலிலிருந்து வந்தாலும் ரத்தத்திலிருந்து வந்தாலும், கடைசியில் வாந்தியாக மாறுவதற்கு முன் இந்த இடத்தைத் தொட்டுத்தான் போகிறது.

இவற்றைத் தவிர முகுளத்தில் ரத்தத்தை நேரடியாக மோப்பம் பிடிக்கிற ஒரு பகுதியும் உண்டு. மூளையைக் காக்கும் ரத்தத் தடுப்பு அந்த இடத்தில் கிடையாது. டோபமைன் என்ற இன்னொரு செய்திப் பொருளுக்கான ஏற்பிகள் அங்கே நிறைய இருக்கின்றன, இதைப் பிறகு பார்க்கலாம்.

செரட்டோனினுக்கும் கீமோ வாந்திக்கும் உள்ள தொடர்பு பிடிபடச் சற்று காலமாயிற்று. ஒரு காரணம், ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் எலிகளுக்கு வாந்தி எடுக்கவே வராது. ஃபெரெட் என்ற, கீரியைப் போல் நீண்ட உடல் கொண்ட விலங்கில்தான் சோதிக்க வேண்டியிருந்தது. 1986-இல் செரட்டோனின் மூன்றாம் வகை ஏற்பியை மட்டும் அடைக்கிற ஒரு பொருள், சிஸ்பிளாட்டினால் வரும் வாந்தியை ஃபெரெட்டுகளில் தடுத்தது தெரியவந்தது. ஐந்தே ஆண்டில், 1991-இல், அதே ஏற்பியை அடைக்கும் ஒண்டான்செட்ரான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் மெட்டோகுளோபிரமைடை மிக அதிக அளவில் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாந்தி குறைந்தது, ஆனால் இளம் வயதினருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும் பக்கவிளைவு வந்தது. அந்த நிலையிலிருந்து பார்த்தால் ஒண்டான்செட்ரான் பெரிய விடுதலை.

## இரண்டு அலைகள்

சிஸ்பிளாட்டின் ஏற்றிய பிறகு, தடுப்பு மருந்து எதுவும் தராமல் விட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். ஏற்றிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி அன்றைக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். முதல் 24 மணி நேரத்துக்குள் வருகிற இதைத்தான் உடனடி வாந்தி என்கிறார்கள்.

அப்புறம் ஒரு இடைவெளி. பலருக்கு இந்த நேரத்தில் நன்றாகவே இருக்கும். பிறகு 48 மணியிலிருந்து 72 மணிக்குள் இரண்டாவது உச்சம் வருகிறது. 24 மணி கடந்ததிலிருந்து 120 மணி வரை, அதாவது ஐந்தாம் நாள் முடியும் வரை வருவதெல்லாம் தாமத வாந்தி.

முதல் அலையில் செரட்டோனின்தான் பெரிய கை. சிஸ்பிளாட்டின் ஏற்றியவர்களின் சிறுநீரில், செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருளை மணிக்கு மணி அளந்து பார்த்தார்கள். முதல் சில மணி நேரத்தில், வாந்தி ஏறுகிற அதே வேளையில், அதுவும் ஏறியது. பிறகு இறங்கிவிட்டது. இரண்டாம், மூன்றாம் நாள் வாந்தி வந்தபோது அது திரும்ப ஏறவே இல்லை. அதாவது தாமத வாந்தியைச் செரட்டோனின் வெள்ளம் நடத்தவில்லை. அந்த அலையில் சப்ஸ்டன்ஸ் பி-தான் முன்னால் நிற்கிறது.

மூன்றாம் நாள் வாந்தி வருகிறவருக்கு ஒண்டான்செட்ரானை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுப்பது, திருடன் கொல்லைப்புறமாக வந்துகொண்டிருக்கும்போது முன்வாசலுக்கு இன்னொரு பூட்டுப் போடுவது மாதிரி. மருந்து போலியோ காலாவதியோ அல்ல, அதற்கு அங்கே வேலை குறைவு, அவ்வளவுதான்.

கோடு கிழித்த மாதிரி 24 மணியில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சப்ஸ்டன்ஸ் பி முதல் நாளிலும் கொஞ்சம் வேலை செய்கிறது. அதனால்தான் என்கே1 ஏற்பியை அடைக்கும் மருந்தை மூன்றாம் நாள் வரை காத்திருந்து தராமல், கீமோவுக்கு முன்பே தொடங்குகிறார்கள்.

## மூன்று மருந்தும் தனித்தனியாக என்ன செய்கின்றன

செரட்டோனின் எதிர்ப்பிகள். ஒண்டான்செட்ரான், கிரானிசெட்ரான், பலோனோசெட்ரான் ஆகிய மூன்றும் நம் ஊரில் புழங்குபவை. கடைசியானது சற்று வேறுபட்டது. ஒண்டான்செட்ரானின் பாதி உடம்பை விட்டுப் போக மூன்று முதல் ஐந்து மணி நேரம் என்றால், பலோனோசெட்ரானுக்குச் சுமார் 40 மணி நேரம். ஏற்பியில் இறுக்கமாகவும் ஒட்டும். 0.25 மி.கி. ஊசி ஒரு முறை போட்டால் அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு இந்த வகை மருந்து வேறு எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. ஒண்டான்செட்ரானில் இன்னொரு எல்லையும் உண்டு. அளவு ஏற ஏற இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஒரு இடைவெளி நீளும். அதனால்தான் முன்பு ஒரே வேளையில் 32 மி.கி. நரம்பில் போட்டுக்கொண்டிருந்ததை 2012-இல் கைவிட்டு, ஒரு வேளைக்கு 16 மி.கி.க்கு மேல் நரம்பில் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

நியூரோகைனின் எதிர்ப்பிகள். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ரெபிட்டன்ட் இதில் முதலாவது. மூன்று நாள் மாத்திரைக்கூடு: முதல் நாள் 125 மி.கி., இரண்டாம், மூன்றாம் நாள் 80 மி.கி. விழுங்க முடியாதவர்களுக்கு ஃபாஸ்அப்ரெபிட்டன்ட் என்ற ஊசி வடிவம், முதல் நாள் 150 மி.கி. ஒரே முறை. நெட்டுபிட்டன்ட் என்ற இன்னொன்று பலோனோசெட்ரானோடு சேர்த்து ஒரே கூடாக வருகிறது, கீமோவுக்கு முன் ஒன்று போட்டால் போதும்.

இது சேர்ந்ததால் என்ன கிடைத்தது என்று 2003-இல் வெளியான சிஸ்பிளாட்டின் ஆய்வு ஒன்று நன்றாகக் காட்டியது. ஒரு பக்கம் ஒண்டான்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் மட்டும், மறுபக்கம் அவற்றோடு அப்ரெபிட்டன்ட். முதல் நாளில் வாந்தியும் இல்லை, கூடுதல் மருந்தும் தேவைப்படவில்லை என்றவர்கள் 78 சதவீதத்திலிருந்து 89 ஆனார்கள். தாமதக் கட்டத்தில் 56-லிருந்து 75. முதல் நாளில் கிடைத்த பலன் 11 புள்ளி, பிந்தைய நாட்களில் கிட்டத்தட்ட 20 புள்ளி. இரண்டாம் அலை யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்கள் வேண்டாம்.

ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், சுருக்கமாக டெக்ஸா. இது எப்படி வாந்தியை அடக்குகிறது என்பதற்கு இன்றுவரை முழுமையான விளக்கம் கிடையாது. கீமோ கிளப்புகிற அழற்சியைத் தணிப்பது ஒரு வழியாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் இரண்டு அலையிலும் வேலை செய்கிறது, மற்ற இரண்டோடும் சேரும்போது அவற்றின் பலனைக் கூட்டுகிறது. விலையும் மிகக் குறைவு. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து இதை நிறுத்துகிறவர்கள், தாமத அலைக்கு எதிராகக் கையில் இருக்கிற முக்கியமான ஆயுதம் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிடும்போது வரும் எலும்புத் தேய்மானம், முகம் ஊதுவது போன்றவற்றை நான்கு நாள் சிகிச்சையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நான்கு நாளில் வரக்கூடியவை வேறு: தூக்கமின்மை, நெஞ்செரிச்சல், விக்கல், சர்க்கரை ஏறுவது.

## சேர்க்கும்போது வருகிற ஒரு சிக்கல்: டெக்ஸாவின் அளவு

சிஸ்பிளாட்டினுக்கு, அப்ரெபிட்டன்ட் இல்லாமல் தரும்போது முதல் நாள் டெக்ஸா 20 மி.கி. அப்ரெபிட்டன்டோடு தரும்போது 12 மி.கி. பலர் இதைப் பார்த்து, புது மருந்து வந்துவிட்டது, அதனால் ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையான காரணம் கல்லீரலில் இருக்கிறது.

டெக்ஸாவைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அப்ரெபிட்டன்ட் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் உடம்பு சந்திக்கும் டெக்ஸாவின் மொத்த அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. 12 மி.கி. விழுங்கினாலும் உடம்புக்கு அது 20-க்கும் மேல் மாதிரிதான். குறைத்தது சீட்டில் உள்ள எண்ணை மட்டும், விளைவை அல்ல.

இதையே கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். அப்ரெபிட்டன்ட் மூன்று நாள் மாத்திரையாகப் போனால் நொதித் தடையும் அத்தனை நாளும் நீடிக்கும், அதனால் டெக்ஸா இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை தினம் 8 மி.கி. ஒரு வேளை போதும். ஃபாஸ்அப்ரெபிட்டன்ட் ஒரே ஊசியாகப் போனால் தடை இரண்டு நாளில் தளர்ந்துவிடும், அதனால் இரண்டாம் நாள் 8 மி.கி. ஒரு வேளை, மூன்றாம், நான்காம் நாள் 8 மி.கி. இரண்டு வேளை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரு வேளை, எனக்கு மட்டும் ஏன் இரண்டு வேளை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் சிகிச்சையில் சில முறைகளில் ஸ்டீராய்டே புற்றுநோயைத் தாக்கும் மருந்தாக இருக்கும். அங்கே இந்தக் காரணத்தைச் சொல்லி அதன் அளவைக் குறைப்பதில்லை.

## நான்காவது மருந்து ஏன் வந்தது

மூன்று மருந்தும் சேர்ந்து வாந்தியை நன்றாக அடக்கின, ஆனால் குமட்டல் மிச்சமிருந்தது. இவை இரண்டும் ஒன்றல்ல. ஒரு முறைகூட வாந்தி எடுக்காமல், ஐந்து நாளும் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் உண்டு. மருத்துவ ஆய்வுகள் நெடுங்காலம் வாந்தியை எண்ணின, எண்ண முடியாத குமட்டலை அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து, நோயாளியை அதிகம் வாட்டுவது பெரும்பாலும் குமட்டல்தான்.

ஒலான்ஸாபின் மனநோய்க்கு வந்த மருந்துதான், தேடிப் பார்ப்பவர்கள் கண்டது தவறில்லை. ஆனால் இது டோபமைன், செரட்டோனின், ஹிஸ்டமின் என்று வாந்திக்குத் தொடர்புள்ள பல ஏற்பிகளை ஒன்றாக அடைக்கிறது. மேலே சொன்ன மூன்று மருந்தோடு 10 மி.கி. ஒலான்ஸாபின் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஐந்து நாளும் குமட்டலே இல்லை என்றவர்கள் 22 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள். பெரிய முன்னேற்றம், ஆனாலும் பத்தில் ஆறு பேருக்குக் குமட்டல் இருந்தது என்பதையும் அந்த எண்ணிலேயே பார்க்க வேண்டும்.

இதன் தொல்லை தூக்கக் கலக்கம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழுகிற ஆபத்து வயதானவர்களுக்கு உண்டு. ஜப்பானில் 5 மி.கி. வைத்துச் சோதித்தார்கள், அதுவும் நல்ல பலன் தந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இன்னும் கீழே போய், 2.5 மி.கி.யை 10 மி.கி.யோடு ஒப்பிட்டது. 2024-இல் வந்த முடிவில் வாந்தியைக் கட்டுப்படுத்துவதில் சிறிய அளவு பின்தங்கவில்லை, பகல் தூக்கம் தெளிவாகக் குறைந்தது. நம் நாட்டு நோயாளிகளிடமே செய்து பார்த்தது என்பதால் இதற்கு நமக்குத் தனி மதிப்பு.

## ஒருவருடைய ஐந்து நாள்

எடுத்துக்காட்டுக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 54, நாக்கில் புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்து கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின். உயரம் 165 செ.மீ., எடை 56 கிலோ. இதிலிருந்து வரும் உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 மி.கி. என்றால் 160 மி.கி. சிஸ்பிளாட்டின், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. சர்க்கரை நோயும் உண்டு, மாத்திரையில் இருக்கிறார். கீழே வருவது பொதுவாகப் பின்பற்றப்படும் முறை, கணக்கைப் புரிந்துகொள்வதற்காக. உங்கள் சீட்டில் இருப்பது வேறாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

1. திங்கள், முதல் நாள். கீமோ 10 மணிக்கு. 9 மணிக்கு அப்ரெபிட்டன்ட் 125 மி.கி. கூடு, ரத்தத்தில் ஏற அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். 9.30-க்கு டெக்ஸா 12 மி.கி., பலோனோசெட்ரான் 0.25 மி.கி. ஊசி. பிறகு சிறுநீரகத்தைக் காக்க உப்புநீரும் மெக்னீசியமும், அதோடு சிஸ்பிளாட்டின். ராத்திரி படுக்கும்முன் ஒலான்ஸாபின். அன்று ஒன்றும் தெரியவில்லை.

2. செவ்வாய். காலையில் அப்ரெபிட்டன்ட் 80, சாப்பிட்ட பிறகு டெக்ஸா 8, இரவு ஒலான்ஸாபின். ஒண்டான்செட்ரான் இல்லை, ஏனென்றால் நேற்றுப் போட்ட பலோனோசெட்ரான் இன்னும் உள்ளே இருக்கிறது. டெக்ஸாவைக் காலையில் போடுவது தூக்கம் கெடாமலிருக்க.

3. புதன். செவ்வாய் போலவே. 48 மணியைத் தாண்டும் நாள் இது, அலை ஏறும் நேரம். அப்ரெபிட்டன்டின் கடைசிக் கூடும் இன்றுதான்.

4. வியாழன். டெக்ஸா 8, இரவு ஒலான்ஸாபின். இரண்டும் இன்றோடு முடிகின்றன.

5. வெள்ளி. வாந்தித் தடுப்பு மருந்து இல்லை. சனிக்கிழமை காலை 10 மணியோடு 120 மணி முடிகிறது.

இவருக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்று கவனிக்க வேண்டும். காலையில் போட்ட டெக்ஸா சர்க்கரையை ஏற்றுவது முக்கியமாக மதியத்துக்குப் பிறகும் மாலையிலும். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து 'நார்மலாகத்தான் இருக்கிறது' என்றிருந்தால் மாலையில் ஏறுவது தெரியாமலே போகும். இந்த நான்கு நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்க்க வேண்டும். வெள்ளி, சனியில் உடம்பு திடீரென்று தளர்ந்து மனமும் சோர்ந்தால், அதில் ஒரு பங்கு கீமோவால் வந்ததல்ல, டெக்ஸா நின்றதால் வந்தது.

மற்ற கீமோவுக்கு இதே வரிசை அப்படியே பொருந்தாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைட் கூட்டும் கடும் வாந்தி வகைதான், ஆனால் அங்கே டெக்ஸாவைப் பெரும்பாலும் முதல் நாளோடு நிறுத்திவிடலாம். பாக்ளிடாக்ஸெல் தனியாக என்றால் ஒரே மருந்து போதும். வின்கிரிஸ்டினுக்குத் தடுப்பே வழக்கமில்லை.

## எங்கே தவறுகிறது

பல தவறுகள் வீட்டில்தான் நடக்கின்றன. முதலாவது, 'வாந்தி இல்லையே, எதற்கு மாத்திரை' என்று செவ்வாய்க்கிழமை நிறுத்துவது. முதல் நாள் நன்றாக இருந்ததால் முதல் அலை அடங்கியது என்றுதான் பொருள், இரண்டாவது அலை இனிமேல்தான். வாந்தி தொடங்கியபிறகு அடக்குவது, தொடங்காமல் தடுப்பதைவிடப் பலமடங்கு கடினம். விழுங்கிய மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, புதன்கிழமை வாந்தி வந்ததும் கையிலிருக்கும் ஒண்டான்செட்ரானை நான்கு மணிக்கு ஒன்று, ஐந்து மணிக்கு ஒன்று என்று போடுவது. தாமத அலையில் அதற்கு வேலை குறைவு என்று பார்த்தோம். அதைவிட மோசம், இந்த வகை மருந்து குடலின் அசைவைக் குறைத்து மலச்சிக்கலை உண்டாக்கும். மூன்று நாள் மலம் போகாத வயிறு தானாகவே குமட்டும். அந்தக் குமட்டலுக்கு இன்னொரு ஒண்டான்செட்ரான். இந்தச் சுழலில் மாட்டியவர் வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல் வருவார். 'கடைசியாக எப்போது மலம் போனீர்கள்' என்ற ஒரு கேள்வி இதை வெளிக்கொண்டுவந்துவிடும்.

தடுப்பை மீறி வாந்தி வந்தால் விதி எளிது: ஏற்கெனவே கொடுத்ததைக் கூட்டாதே, வேறு வகையில் ஒன்றைக் கொடு. ஒலான்ஸாபின் தொடங்கியிராவிட்டால் அதுதான் முதல் தேர்வு. தொடங்கியிருந்தால் மற்றவற்றில் ஒன்று, ஆனால் மெட்டோகுளோபிரமைட், ஹேலோபெரிடால் போன்றவையும் டோபமைனையே அடைப்பவை, ஒலான்ஸாபினோடு சேர்ந்தால் கை நடுக்கமும் தசை இறுக்கமும் வரலாம் என்பதால் இந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

சிஸ்பிளாட்டினில் இது வெறும் அவஸ்தை விஷயம் இல்லை. இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. புதன், வியாழன் இரண்டு நாள் வாந்தி எடுத்து, தண்ணீரும் இறங்காமல் கிடந்தால் உடம்பு வறண்டு சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும். அடுத்த கீமோ தள்ளிப்போகும், அல்லது மருந்தின் அளவு குறையும், அல்லது சிஸ்பிளாட்டினையே கைவிட நேரும். எனவே தண்ணீர் ஒரு வாய்கூட நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே போய்விட வேண்டும். நரம்பில் திரவமும் மருந்தும் ஏற்றினால் பெரும்பாலும் அங்கேயே தடுத்துவிடலாம்.

எல்லா வாந்தியையும் கீமோவின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 120 மணிக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது, காய்ச்சலோடு வருவது, குழப்பமாகப் பேசுவதோடு வருவது, காலையில் தலைவலியோடு வருவது ஆகியவை வேறு எதையோ சொல்கின்றன. வலிக்கு மார்ஃபின் தொடங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், கால்சியம் ஏறியிருக்கலாம், குடல் அடைபட்டிருக்கலாம், நோய் மூளைக்குப் போயிருக்கலாம். இவற்றுக்கு வாந்தி மருந்தின் வகையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

## இரண்டாம் சுற்றுக்கு முன்

முதல் சுற்றில் மோசமாக வாந்தி எடுத்தவருக்கு அடுத்த சுற்றில் மூன்றாவதாக ஒரு தொல்லை சேரலாம். மருத்துவமனை வாசலில் அந்த வாசனை வந்ததுமே, ஊசி குத்துவதற்கு முன்பே, குமட்டல் தொடங்கிவிடும். முந்தைய அனுபவத்தை மூளை இடத்தோடும் வாசனையோடும் சேர்த்துப் பதிந்துகொண்டதால் வருவது இது. மேலே சொன்ன மூன்று மருந்தும் இதற்குச் சரியாக வேலை செய்வதில்லை. முந்தைய இரவும் அன்று காலையும் பதற்றத்தைத் தணிக்கும் லோராஸெபாம் கொடுத்துப் பார்ப்பார்கள், ஆனால் நல்ல வழி முதல் சுற்றிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதுதான். பெண்கள், 50 வயதுக்குக் கீழுள்ளவர்கள், பஸ்ஸில் போனால் வாந்தி எடுப்பவர்கள், கர்ப்ப காலத்தில் மசக்கையால் அவதிப்பட்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்பதால், இவற்றை முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் சுற்றுக்குப் போகும்போது 'வாந்தி இருந்தது' என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் அதிகம் செய்ய முடியாது, எப்போது என்பதுதான் மருந்தை மாற்றும். முதல் நாளே வந்ததென்றால் செரட்டோனின் பக்கத்தைப் பார்ப்பார், ஒண்டான்செட்ரானாக இருந்தால் பலோனோசெட்ரானாக மாற்றுவார். மூன்றாம் நாள் வந்ததென்றால் என்கே1 மருந்து இருந்ததா, டெக்ஸா நான்கு நாளும் உள்ளே போனதா என்று கேட்பார். வாந்தியில்லை, குமட்டல் மட்டும் என்றால் ஒலான்ஸாபினைச் சேர்ப்பார் அல்லது அளவை மாற்றுவார். அதற்கு ஒரு தாளில் ஐந்து நாளும் காலை, மாலை என்று கட்டம் போட்டு, வாந்தி எத்தனை முறை, குமட்டலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்த மாத்திரை விட்டுப்போனது, மலம் போனதா என்று குறித்துக்கொண்டு போனால் போதும்.